நம் சான்றிதழை அயல்நாட்டு நிறுவனத்துக்கு ஒரே வாக்கியத்தில் சொல்வது எப்படி?

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் படித்தவன். பிறகு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஜெர்மனியில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தான்.

"சார், உன் டிப்ளமோ எதுக்கு ஈக்விவலன்ட்னு கேட்டு மெயில் வந்திருக்கு. ஒரு வரியில பதில் போடச் சொல்றாங்க. என்ன எழுதறது?"

"முதல்ல அப்ளிகேஷன்ல என்னன்னு எழுதின?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டிகிரிக்குச் சமம்னு போட்டேன் சார். கூட இருக்கிற ஒருத்தர்தான் அப்படிப் போடச் சொன்னாரு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வரச் சொன்னேன். அன்று காலை முழுக்க ஒரே ஒரு வாக்கியத்துக்காக உட்கார்ந்தோம். அதன்பின் இதே கேள்வியோடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பி.இ. முடித்தவர்கள், பி.எஸ்சி. முடித்தவர்கள் என்று சிலர் வந்துவிட்டார்கள். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்து சேரும். ஆங்கில ஆசிரியர் என்றால் முதலில் நம்மிடம்தான் வரும். வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால் அதில் மொழிபெயர்ப்பு கால்வாசிதான்.

அந்த ஜெர்மன் நிறுவனத்தார் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். டிப்ளமோ என்ற சொல் நமக்கு மிகத் தெளிவானது. பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு. ஆனால் ஜெர்மனியில் பொறியியல் பட்டத்துக்கே பல காலம் 'டிப்ளோம்' என்றுதான் பெயர். பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியாளரானவர் 'டிப்ளோம் இன்ஜினியர்' என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்வார். 1999-ஆம் ஆண்டின் போலோனியா உடன்படிக்கைக்குப் பிறகுதான் அங்கே இளநிலை, முதுநிலை என்ற பட்டப் பெயர்கள் படிப்படியாக வந்தன. அதே சொல்லை ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் பள்ளி இறுதிச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்வார். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவருக்குத் தருவதே 'ஹைஸ்கூல் டிப்ளமோ'தான். ஒரே சொல்லை வைத்து ஒருவர் நம் மாணவனைப் பொறியியல் பட்டதாரி என்று நினைக்கிறார், இன்னொருவர் பள்ளிப் படிப்போடு நின்றவர் என்று நினைக்கிறார். இரண்டும் தவறு.

என் மாணவன் 'டிப்ளமோ' என்று எழுதி, பக்கத்திலேயே 'டிகிரிக்குச் சமம்' என்றும் போட்டுவிட்டான். படித்தவர் இவனைப் பல்கலைக்கழகப் பொறியாளர் என்று எடுத்துக்கொண்டார். இணைப்பில் இருந்த மதிப்பெண் பட்டியலைப் புரட்டினால் பல்கலைக்கழகத்தின் பெயரே எங்கும் இல்லை, பிறந்த ஆண்டையும் முடித்த ஆண்டையும் கழித்துப் பார்த்தால் பதினெட்டு வயதில் பட்டம் வாங்கியதாக வருகிறது. யாருக்கும் சந்தேகம் வரும். மின்னஞ்சல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால், நீ சொன்னது உண்மைதானா என்று கேட்கிற தொனி அதில் இருந்தது. நான்கு ஆண்டு அனுபவம் உள்ள நல்ல தொழிலாளி, தேவையே இல்லாத ஒரு சொல்லால் பொய் சொல்பவனாகத் தெரிந்துவிட்டான்.

'ஈக்விவலன்ட்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. இது இதற்குச் சமம் என்று சொல்வது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை விண்ணப்பதாரருக்கும் கிடையாது, அவருடைய ஆசிரியருக்கும் கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பட்டங்களை ஒப்பிட்டுச் சொல்வது இசட்.ஏ.பி. என்ற மத்திய அமைப்பு. அது நடத்தும் 'anabin' என்ற இணையத் தரவுத்தளத்தில் எந்த நாட்டுப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம் என்று தேடிப் பார்க்கலாம். ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சிகளை ஒப்பிடுவது நியூரம்பெர்க் நகரில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா. பிரிட்டனில் யு.கே. எனிக் என்று ஓர் அமைப்பு, 2021 வரை அதற்கு நாரிக் என்று பெயர். அமெரிக்காவில் அரசு இதைச் செய்வதில்லை, டபிள்யூ.இ.எஸ். போன்ற தனி மதிப்பீட்டு அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தருகின்றன. டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 'ஈக்விவலன்ஸ்' தருகிறதே என்று ஒருவர் கேட்டார். அது எதிர்த்திசை. வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தை இந்தியாவில் எதற்குச் சமமாகக் கொள்வது என்று சொல்லிவந்த அமைப்பு அது. நம் பட்டத்தை ஜெர்மானியருக்கு விளக்க அது உதவாது.

சமம் என்று சொல்லக் கூடாது என்றால் வேறு என்னதான் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் நான் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லவில்லை. தமிழிலேயே சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் என்றால் எங்கோ பார்த்த வரியை எடுத்துப் போட்டுவிடுவான். தமிழில் சொல்லும்போதுதான் உண்மையாக என்ன படித்தோம் என்று யோசிப்பான்.

"உங்க ஊர்ல டிப்ளமோன்னா என்னன்னே தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லு. அவருக்குச் சமம், கிமம் எதுவும் வேணாம்."

"பத்தாவது முடிச்சிட்டு மூணு வருஷம் படிச்சேன் சார். முழு நேரம். கவர்மெண்ட் போர்டு எக்ஸாம்."

"அதுக்கப்புறம் அதை வெச்சு என்ன படிக்கலாம்?"

"பி.இ. நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம் சார்."

வாக்கியம் இதற்குள்ளேயே இருந்தது. எங்கிருந்து ஏறினோம், எத்தனை ஆண்டு நடந்தோம், யார் தேர்வு வைத்தது, அங்கிருந்து அடுத்த படி எது. இந்த நான்கையும் சொல்லிவிட்டால், படிப்பவர் தம் நாட்டுப் படிக்கட்டில் அது எங்கே வரும் என்று தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். நாம் சொல்லும் நான்கும் செய்திகள். யாரும் சரிபார்க்கலாம், மறுக்க முடியாது.

நான்காவதாகச் சொன்ன அடுத்த படிதான் பலரும் விட்டுவிடுவது. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கணக்கைப் பாருங்கள். பத்து ஆண்டுப் பள்ளி, மூன்று ஆண்டு டிப்ளமோ, மொத்தம் பதின்மூன்று. பி.இ. சேர்பவர் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி முடித்து முதல் ஆண்டில் சேர்கிறார். டிப்ளமோ முடித்தவர் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். அதாவது நம் நாட்டுக் கல்வி முறையே டிப்ளமோவை, 'பள்ளிப் படிப்பு முடிந்து அதற்கு மேல் ஓராண்டுப் பொறியியல்' என்ற இடத்தில் வைத்திருக்கிறது. பதின்மூன்றும் அதோடு பி.இ.யின் மீதி மூன்றும் சேர்த்தால் பதினாறு. பன்னிரண்டும் நான்கும் சேர்த்தாலும் பதினாறுதான். இதைச் சொன்னால் வெளிநாட்டவருக்கு டிப்ளமோ பட்டமில்லை என்பதும் தெரிகிறது, பள்ளிப் படிப்பு மட்டுமில்லை என்பதும் தெரிகிறது.

அவன் கடைசியில் அனுப்பிய வாக்கியத்தின் தமிழ் வடிவம் இது:

"என்னுடைய தகுதி இயந்திரவியல் பொறியியலில் டிப்ளமோ, பத்து ஆண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் முழுநேரமாக மூன்று ஆண்டு படித்தது, தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி வாரியம் தேர்வு நடத்தி வழங்கியது, இந்தியாவில் நான்காண்டுப் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரத் தகுதி தருவது, இது பல்கலைக்கழகப் பட்டம் அன்று."

கடைசித் துண்டைப் போட அவனுக்கு மனமில்லை. "நாமே எதுக்கு சார் இல்லைன்னு சொல்லணும்?" என்றான். சாதாரணமாக அது தேவையில்லைதான். ஆனால் அவன் முன்பு 'டிகிரிக்குச் சமம்' என்று எழுதியிருந்தான். கேட்டவர் வாழும் நாட்டில் 'டிப்ளோம்' என்றால் பட்டம். அந்த இரண்டு காரணத்தால் இந்த நான்கு சொற்கள் தேவைப்பட்டன. முன்பு எழுதியதைத் திருத்துகிறேன் என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தான். பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. தகுதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த வகை இயந்திரங்களைப் பராமரிக்கிறாய், ஹைட்ராலிக்ஸ் பார்த்திருக்கிறாயா என்று கேட்டிருந்தார்கள்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. அந்தப் பையன் கூட்டிச் சொன்னான் என்றால் ஐ.டி.ஐ. பிள்ளைகள் குறைத்துச் சொல்கிறார்கள். ஃபிட்டர் படித்த ஒரு மாணவன் தன் குறிப்பில் 'ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்' என்று இரண்டே சொல் எழுதியிருந்தான். ஐ.டி.ஐ. என்பது கட்டடத்தின் பெயர், படிப்பின் பெயர் அன்று. 'சர்ட்டிபிகேட்' என்றால் வெளியில் இருப்பவர் வார இறுதியில் நடக்கும் குறுகிய பயிற்சி என்று நினைக்கவும் இடமுண்டு. அவன் வாங்கியது தேசியத் தொழிற்சான்றிதழ், ஆங்கிலத்தில் என்.டி.சி. ஃபிட்டர் பிரிவு பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு. இப்போதைய பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 840 மணி நேரம் பட்டறையில் கைவேலை மட்டும். தேர்வு இந்தியா முழுமைக்கும் பொதுவானது. இதையெல்லாம் விட்டுவிட்டு 'சர்ட்டிபிகேட்' என்று எழுதினால் அந்த மணி நேரம் எல்லாம் போயிற்று.

அவனுடைய வாக்கியம் இப்படி வந்தது: "ஃபிட்டர் தொழிலில் தேசியத் தொழிற்சான்றிதழ், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி, பெரும்பகுதி பட்டறைச் செய்முறை, இந்திய அரசின் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேர்ச்சி, இந்தியாவில் மூன்றாண்டு டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரத் தகுதி தருவது."

இதில் ஆண்டைக் குறிப்பிடுவது வெறும் அலங்காரம் இல்லை. ஜெர்மனி 2024 மார்ச் முதல் ஒரு வழியைத் திறந்திருக்கிறது. முழு அங்கீகாரம் வாங்காமலேயே, சொந்த நாட்டு அரசு ஏற்ற தொழிற்தகுதி, கடந்த ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அனுபவம், குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத சம்பளம் ஆகியவை இருந்தால் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தொழிற்பயிற்சி குறைந்தது இரண்டு ஆண்டு நடந்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் எல்லாம் இரண்டு ஆண்டுப் பிரிவுகள். வெல்டர் ஓராண்டு. ஒரே ஐ.டி.ஐ. வளாகத்தில் பக்கத்துப் பக்கத்துப் பட்டறையில் படித்த இரண்டு பேரில் ஒருவருக்கு அந்த வழி திறக்கிறது, மற்றவருக்கு அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துத் திறப்பதில்லை. 'ஐ.டி.ஐ. முடித்தவன்' என்று மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்து எந்தப் பிரிவில் சேரலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

அதே நேரம், ஆண்டு ஒத்துப்போனால் படிப்பும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடவும் கூடாது. ஜெர்மனியில் ஃபிட்டருக்கு நெருக்கமான 'இண்டஸ்ட்ரி மெக்கானிக்கர்' பயிற்சி மூன்றரை ஆண்டு. வாரத்தில் பெரும்பாலான நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. நம் டிப்ளமோ மூன்று ஆண்டும் பெரும்பாலும் கல்லூரிக்குள். ஆகவே ஐ.எச்.கே. ஃபோசா போன்ற அமைப்பு பாடத்திட்டத்தை வரிவரியாக எடுத்துப் பார்க்கிறது. விடுபட்ட பகுதிக்கு வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கிறது. முழுதாக ஏற்கலாம், பகுதியாக ஏற்கலாம். சிப்காட்டில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு நிறுவனத்திடமிருந்து விரிவான அனுபவச் சான்று வாங்கி வைக்கச் சொல்வது இதனால்தான். 'இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்' என்ற நம்மூர்ச் சான்று போதாது. என்ன இயந்திரத்தில் என்ன வேலை செய்தார் என்று இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தாள் வாங்குவதே பெரும்பாடு என்பது எனக்கும் தெரியும்.

அடுத்து ஒரு குழி இருக்கிறது. படித்தவர்களே அதில் விழுகிறார்கள். அதுதான் தகுதி நிலை எண். இந்தியாவில் 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் நிலை எண் கொடுப்பது அதன் நோக்கம். முதலில் பத்து நிலை. இப்போது 2023-இன் தேசியக் கிரெடிட் கட்டமைப்போடு சேர்ந்து எட்டு நிலை. ஐரோப்பியக் கட்டமைப்பிலும் எட்டு நிலைதான். எட்டும் எட்டும் ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றுகிறது. நான்காம் நிலையை மட்டும் எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் நிலை. ஜெர்மனியில் மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் நான்காம் நிலை. இங்கிலாந்தில் நான்காம் நிலை என்றால் பல்கலைக்கழக முதலாண்டு. அங்கே நம் பன்னிரண்டாம் வகுப்பு இருக்கும் இடத்தில் வரும் ஏ-லெவலுக்கு மூன்றாம் நிலை. இளநிலைப் பட்டம் ஐரோப்பாவில் ஆறு. நம் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் இந்தியக் கணக்கில் ஐந்தரை. 'லெவல் ஃபோர்' என்று நாடு சொல்லாமல் எழுதினால் படிப்பவர் தம் நாட்டு நான்கையே எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. ஃபிட்டர் பாடத்திட்டத்தின் முந்தைய பதிப்பில் ஐந்தாம் நிலை என்று போட்டிருந்தார்கள். 2022 திருத்தத்தில் நான்காம் நிலை. பயிற்சி அதே இரண்டு ஆண்டுதான், அளவுகோல் மாறியிருக்கிறது. அண்ணன் சான்றிதழில் ஐந்து, தம்பி சான்றிதழில் நான்கு என்று இருந்தால் தம்பி குறைவாகப் படித்தான் என்று பொருள் இல்லை. என் யோசனை இதுதான்: எண்ணைப் போடாமலே விட்டுவிடலாம். கேட்டால் மட்டும், 'இந்தியக் கட்டமைப்பில்' என்ற சொல்லோடு, சான்றிதழில் அச்சிட்டபடி போடலாம்.

பட்டதாரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு இடம் தவிர. ஒன்று, பட்டத்தை யார் தந்தது. திருவள்ளூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்த பெண், கல்லூரியின் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் வழங்குவது அண்ணா பல்கலைக்கழகம். வெளிநாட்டவர் பட்டம் வழங்கிய நிறுவனத்தைத்தான் தேடிப் பார்ப்பார். 'அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த இந்தக் கல்லூரியில் படித்து, அண்ணா பல்கலைக்கழகம் வழங்கிய நான்காண்டு பி.இ. பட்டம்' என்று எழுதியதும் அது சரியாகிவிட்டது. கூடவே அவள் 'வாஷிங்டன் ஒப்பந்தத்தின்படி ஏற்கப்பட்டது' என்றும் போட விரும்பினாள். இந்தியா 2014 ஜூனில் அதில் முழு உறுப்பினர் ஆனது உண்மை. ஆனால் அது நாட்டிலுள்ள எல்லாப் பி.இ.க்கும் பொருந்தாது. தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் அங்கீகரித்த பாடப்பிரிவுக்கு, அந்த அங்கீகாரம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்கு மட்டும்தான். வாரியத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுது என்றேன். பார்த்தாள். அவளுடைய பிரிவு இல்லை. அந்தத் துண்டை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது இடம் பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். நம்முடையது பன்னிரண்டும் மூன்றுமாகப் பதினைந்து ஆண்டு. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் நான்காண்டு. அங்குள்ள நிறுவனங்கள் சில மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஐரோப்பாவில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் சாதாரணம் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. எப்படியிருந்தாலும் 'மூன்றாண்டு' என்பதை மறைக்காமல் வாக்கியத்திலேயே போட்டுவிடுவது நல்லது. பின்னால் தெரிந்து கைவிடுவதைவிட முன்னாலேயே தெரிந்து கேட்பது மேல்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். நமக்கு 60-க்கு மேல் முதல் வகுப்பு. இங்கிலாந்தில் 70 வாங்கினால்தான் முதல் வகுப்பு, அங்கே அது எளிதில் கிடைப்பதும் இல்லை. ஜெர்மனியில் தலைகீழ்: 1 தான் மிக நன்று, 4 கடைசித் தேர்ச்சி. பத்துக்கு 8.2 என்று சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவர் '8.2' என்று மட்டும் எழுதினால் அங்கே அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. 'பத்து அளவில் 8.2, பத்தே மிக உயர்ந்தது' என்று அளவையும் சேர்த்து எழுத வேண்டும். நாமே அவர்கள் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை வேண்டாம்; அதற்கு அவர்களிடம் சூத்திரம் இருக்கிறது.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுவந்தேன் என்று சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் ஆங்கிலப் பாட வேளை ஒன்றில், விண்ணப்பம் எழுதும் பகுதி வந்தபோது, கரும்பலகையில் இங்கிலாந்தின் 'ஏ-லெவல்' என்று எழுதினேன். பதினோரு ஆண்டுக்குப் பின் இரண்டாண்டு, மூன்று நான்கு பாடம் மட்டும், அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று மூன்று குறிப்பு கொடுத்தேன். இதை உங்கள் பாட்டிக்குத் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள் என்றேன். முதலில் "நம்ம பிளஸ் டூ மாதிரி" என்றார்கள் எல்லாரும். "மாதிரின்னா? நம்ம பிளஸ் டூவுல எத்தனை பாடம்?" என்று கேட்டதும் தயங்கினார்கள். பிறகு ஒரு பெண் எழுதினாள்: "பத்தாவதுக்கு மேல படிச்சிட்டு காலேஜ் போறதுக்கு முன்னாடி, மூணே மூணு பாடத்தை மட்டும் ரெண்டு வருஷம் ஆழமாப் படிக்கிறது." அந்த வாக்கியத்தில் சமம் என்ற சொல்லே இல்லை. பாட்டிக்குப் புரிந்திருக்கும்.

அதன்பின் திசையைத் திருப்பினோம். எச்.எஸ்.சி., எஸ்.எஸ்.எல்.சி., மெட்ரிகுலேஷன் என்ற நம் சொற்களை வெளியாருக்கு விளக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் என்றால் பல நாடுகளில் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்வது என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. 'பாஸ்ட் அவுட்' என்று எழுதக் கூடாது, அதற்கு மயங்கி விழுந்தேன் என்றும் பொருள் என்றேன். 'அரியர்' என்றால் அவர்களுக்குச் சம்பள பாக்கி. இந்தச் சொற்களை எல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள். முழுப் பயிற்சிக்கும் இரண்டு பாட வேளை ஆயிற்று. வீட்டில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த அண்ணன் அக்காவின் சான்றிதழைப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னேன். அதில் பாதிப் பேர் சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதாமல் தங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதியிருந்தார்கள். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: சான்றிதழில் அச்சிட்ட பெயர், எழுத்துப் பிசகாமல். அழகாகத் தெரியும் என்று மாற்றினால் சரிபார்க்கும்போது இரண்டும் வேறு தகுதி என்று ஆகிவிடும்.

இந்த ஒரு வாக்கியம் எதற்குப் போதாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை வேலை போன்றவற்றில் நிறுவனம் திருப்தி அடைந்தால் பெரும்பாலும் போதும். செவிலியர், மருத்துவர், ஆசிரியர் போன்ற பணிகளில் அந்நாட்டு உரிம அமைப்பு சொல்வதே முடிவு. வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் உரிமம் கிடைத்துவிடாது.

நம் தொழிலே அதற்கு எடுத்துக்காட்டு. இங்கிலாந்து 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் அங்குள்ள ஆசிரியர் தகுதி நிலைக்கு விண்ணப்பிக்க வழிசெய்தது. இந்தியாவிலிருந்து கணிதம், அறிவியல், மொழிப் பாடங்கள் கற்பிப்பவர்களுக்கு மட்டும். என் பையன் அதைப் படித்துவிட்டு விளையாட்டாக, "உன் பி.எட்.டை ஒரு வாக்கியத்துல சொல்லு பார்ப்போம்பா" என்றான். எழுதிப் பார்த்தேன். நான் படித்தபோது பி.எட். ஓராண்டு. 2014-ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகளுக்குப் பின், 2015-16 முதல் இரண்டாண்டு. எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் இளைய ஆசிரியையின் பி.எட். சான்றிதழும் என் சான்றிதழும் ஒரே பெயர்தான், ஓராண்டு வேறுபாடு. என் வாக்கியம் இப்படி வந்தது: "மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பின், கற்பித்தல் பயிற்சியுடன் ஓராண்டு முழுநேரமாகப் படித்து, பல்கலைக்கழகம் வழங்கிய கல்வியியல் இளநிலைப் பட்டம், இந்தியாவில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரியத் தகுதி தருவது." பையன் படித்துவிட்டு, "எந்த வருஷம் முடிச்சேன்னு போடலையே?" என்று கேட்டான். ஆண்டைச் சேர்த்தேன்.